அதிகம் படித்தால் மார்க் குறையுமா? மைனஸ் 0.39 சொன்னதும் சொல்லாததும்

போன செமஸ்டரில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பருக்கு ஒரு மினி ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். என்ன தலைப்பு எடுக்கலாம் என்று யோசித்து, ஈசியாக முடியும் என்பதற்காகவே நாங்கள் எடுத்த தலைப்பு: "படிக்கும் நேரத்துக்கும் மார்க்குக்கும் உள்ள தொடர்பு". கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் போட்டோம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள், மேத்ஸ் இரண்டாவது இன்டர்னலில் எவ்வளவு மார்க் என்று இரண்டே கேள்வி. முடிவு எங்களுக்கே தெரியும் என்றுதான் நினைத்தோம். அதிகம் படித்தவன் அதிகம் வாங்குவான், ஒட்டுறவு பிளஸ்ஸில் வரும், பிபிடி போட்டுக் கிளம்பலாம்.

வந்தது மைனஸ்.

பிரசன்டேஷனில் அந்த ஸ்லைடு வந்ததும் பின் பெஞ்ச் கைதட்டியது. "மாப்ள, படிக்காம இருக்கிறதுக்கு ப்ரூஃப் கிடைச்சிடுச்சுடா!" என்று ஒருவன் கத்தினான். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று ராத்திரி ஹாஸ்டலில் என் ரூம் மேட் சிரிக்கவில்லை. அவன் தினமும் ஐந்து மணி நேரம் உட்காருகிறவன். மார்க் ஐம்பதைத் தாண்டுவதில்லை. "நீ போட்ட ஸ்லைடு என்னைப் பத்தினதுதான்டா. நான் படிக்கிறதே வேஸ்ட்டுன்னு இப்ப கணக்கே சொல்லுது" என்றான்.

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அன்று அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

முதலில், அந்த மைனஸ் எப்படி வந்தது?

கிளாஸ்மேட்ஸ் மார்க்கை இங்கே போட முடியாது. அதனால் எங்களுக்கு வந்த அதே வடிவத்தில் எட்டு பேரை நானே எழுதிக்கொண்டேன். கையால் கணக்குப் போடவும் இதுதான் வசதி.

முதல் நான்கு பேர் ஒரு நாளைக்கு 1, 2, 3, 4 மணி நேரம் படிக்கிறார்கள். அவர்கள் மார்க் முறையே 72, 74, 82, 84. அடுத்த நான்கு பேர் 3, 4, 5, 6 மணி நேரம் படிக்கிறார்கள். அவர்கள் மார்க் 46, 52, 52, 58.

கார்ல் பியர்சனின் ஒட்டுறவுக் கெழு நமக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொருவரும் சராசரி நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார், சராசரி மார்க்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார் என்று பார்த்து, அந்த இரண்டு விலகல்களையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இங்கே சராசரி நேரம் 3.5 மணி, சராசரி மார்க் 65. ஒரு மணி நேரம் படித்து 72 வாங்கியவரின் விலகல்கள் −2.5, +7. பெருக்கினால் −17.5. ஆறு மணி நேரம் படித்து 58 வாங்கியவருக்கு +2.5, −7. பெருக்கினால் மறுபடியும் −17.5. இப்படி எட்டு பேருக்கும் கூட்டினால் −64 வருகிறது. நேர விலகல்களின் வர்க்கக் கூடுதல் 18, மார்க் விலகல்களின் வர்க்கக் கூடுதல் 1528.

r = −64 / √(18 × 1528) = −0.39

கணக்கில் தப்பே இல்லை. கால்குலேட்டரில் போட்டாலும் இதுதான் வரும். இந்த எட்டு புள்ளிகளுக்கும் ஒரு நேர்கோடு பொருத்தினால், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் மூன்றரை மார்க் குறைவதாக அது காட்டும். புத்தகத்தையே தொடாதவருக்கு 77 மார்க் கிடைக்கும் என்றும் காட்டும்! இந்த இடத்திலேயே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

மேடம் கேட்ட ஒரே கேள்வி

பிரசன்டேஷன் முடிந்ததும் மேடம் திட்டவில்லை. "ஸ்கேட்டர் டயக்ராம் போட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். போடவில்லை. நேராக எக்செலில் `CORREL` அடித்து எண்ணை எடுத்திருந்தோம். "போய்ப் போட்டுப் பாரு. செமஸ்டர் ஆரம்பத்துல நான் ஒரு டெஸ்ட் வெச்சேன் இல்ல, அந்த மார்க்கையும் பக்கத்துல எழுதிப் பாரு" என்றார்.

அந்த டெஸ்ட் 20 மார்க்குக்கு. வகையீடு, தொகையீடு என்று ப்ளஸ் டூ கணக்குகள்தான். யாருக்கு அடிப்படை இருக்கிறது, யாருக்குத் திரும்ப நடத்த வேண்டும் என்று பார்ப்பதற்காக வைத்தது. மார்க் கணக்கில் சேராது என்பதால் நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

கிளாஸில் ஒவ்வொருவரிடமும் கேட்டு அனுமதி வாங்கி, அந்த மார்க்கையும் சேர்த்து சிதறல் படம் வரைந்தோம். ஒரே மேகமாக வரும் என்று நினைத்தது இரண்டு மேகமாக வந்தது. ஒரு மேகம் இடது மேல் பக்கம்: குறைந்த நேரம், நல்ல மார்க். இவர்கள் எல்லாரும் அந்த டெஸ்டில் 12க்கு மேல் எடுத்தவர்கள். இன்னொரு மேகம் வலது கீழ்ப் பக்கம்: அதிக நேரம், குறைந்த மார்க். இவர்கள் 12க்குக் கீழ்.

என் எட்டு பேர் கணக்கிலும் இதே கதைதான். முதல் நான்கு பேர் அடிப்படை உறுதியாக உள்ளவர்கள். அடுத்த நான்கு பேர் அது இல்லாமல் வந்தவர்கள். இப்போது இரண்டு குழுவையும் தனித்தனியாகப் போடுவோம்.

```python
import numpy as np
h = [1, 2, 3, 4, 3, 4, 5, 6]
m = [72, 74, 82, 84, 46, 52, 52, 58]
print(np.corrcoef(h, m)[0, 1])          # -0.386
print(np.corrcoef(h[:4], m[:4])[0, 1])  #  0.965
print(np.corrcoef(h[4:], m[4:])[0, 1])  #  0.949
```

முதல் குழுவில் பிளஸ். இரண்டாவது குழுவிலும் பிளஸ். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் மைனஸ்!

இது மேஜிக் இல்லை. இதற்குப் பெயர் சிம்ப்சனின் முரண்பாடு. எட்வர்ட் சிம்ப்சன் 1951இல் எழுதிய கட்டுரையை வைத்து அந்தப் பெயர் வந்தது. அவருக்கு முன்பே, 1903இல், யூல் என்ற புள்ளியியலாளரும் இதே சிக்கலைச் சொல்லியிருக்கிறார். நடந்தது இதுதான்: அடிப்படை பலவீனமாக இருப்பவர் அதை ஈடுகட்ட அதிக நேரம் உட்காருகிறார். அதே பலவீனம் அவர் மார்க்கையும் கீழே இழுக்கிறது. நேரத்தைக் கூட்டுவதும் மார்க்கைக் குறைப்பதும் ஒரே ஆள், அந்த மூன்றாவது மாறி. நம் ஃபார்மில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. அதனால் அது செய்த வேலையை எல்லாம் 'நேரம்' செய்ததாக r எழுதிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருந்தவர்கள்தான் அதிக நோயோடு இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிதான் நோயைத் தருகிறது என்று சொல்வது மாதிரி இது.

அம்புக்குறி எந்தப் பக்கம்?

எங்கள் ஃபார்மில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஃபார்ம் போட்டது இரண்டாவது இன்டர்னல் முடிந்த பிறகு. முதல் இன்டர்னலில் 35 வாங்கி பயந்துபோனவர்கள் அதற்குப் பிறகுதான் நேரத்தைக் கூட்டினார்கள். முதலில் 85 வாங்கியவர்கள் ரிலாக்ஸ் ஆகிவிட்டார்கள். அப்படியென்றால் நேரம் மார்க்கை மாற்றியதா, மார்க் நேரத்தை மாற்றியதா? r இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஃபார்முலாவில் h, m இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதே −0.39தான் வரும். அம்புக்குறி எந்தப் பக்கம் என்ற தகவலே அந்த எண்ணுக்குள் கிடையாது.

நேரத்தை நாங்கள் கேட்ட விதமும் சரியில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்" என்றால் எல்லா சப்ஜெக்ட்டும் சேர்த்தா, மேத்ஸ் மட்டுமா? சாதாரண நாளா, எக்ஸாமுக்கு முந்தின நாளா? மொபைலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த நேரமும் சேர்த்தியா? ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொண்டு எழுதினார்கள். இப்படி அளவில் தாறுமாறான பிழை இருந்தால், உண்மையில் தொடர்பு இருந்தாலும் r பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும். ஆகவே r சின்னதாக வந்தால் 'தொடர்பு இல்லை' என்று எழுதுவதற்கு முன், 'நாம் ஒழுங்காக அளந்தோமா' என்று கேட்க வேண்டும்.

இதை நம்மைவிடப் பெரிய ஆட்களும் பார்த்திருக்கிறார்கள்

எங்கள் கிளாஸ் ரிசல்ட் ஒன்றும் விசித்திரமானது அல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஷூமனும் அவருடைய குழுவும் இதே கேள்வியைப் பல ஆண்டுகள், பல விதமாக அளந்து பார்த்து 1985இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். படிக்கும் நேரத்துக்கும் கிரேடுக்கும் உறுதியான தொடர்பு இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஆரம்பித்தார்கள். கிடைத்தது மிகவும் பலவீனமான தொடர்பு.

அப்போ படிப்பு பலன் தராதா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் கென்டக்கி மாநிலத்தில் உள்ள பெரியா காலேஜிலிருந்து வந்தது. ரால்ஃப் ஸ்டைன்பிரிக்னர், டாட் ஸ்டைன்பிரிக்னர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டது.

அவர்கள் யோசித்தது இதுதான். மாணவர் தானாக முடிவு செய்யும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மேலே சொன்ன எல்லாச் சிக்கலும் வரும். பலவீனம், பயம், ஆர்வம் எல்லாம் அந்த நேரத்துக்குள் கலந்திருக்கும். மாணவரின் அடிப்படைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று அவர் படிக்கும் நேரத்தை ஏற்றி இறக்கினால்? அப்படி ஒன்று அவர்களுக்கு ஹாஸ்டலிலேயே கிடைத்தது. முதலாண்டு மாணவர்களுக்கு ரூம் மேட்டைக் காலேஜ்தான் குலுக்கல் மாதிரி ஒதுக்குகிறது. சிலருக்கு வந்த ரூம் மேட் வீடியோ கேம் கொண்டுவந்தார், சிலருக்கு வந்தவர் கொண்டுவரவில்லை. யாருக்கு எப்படிப்பட்ட ரூம் மேட் வருவார் என்பது அதிர்ஷ்டம். அந்த மாணவரின் ப்ளஸ் டூ அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நேரத்தை அளந்த விதமும் நம் ஃபார்ம் மாதிரி இல்லை. ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் எப்படிச் செலவழித்தீர்கள் என்று டைரி மாதிரி எழுத வைத்தார்கள். அதையும் ஒரு தடவை அல்ல, பல தடவை.

முடிவு இப்படி வந்தது. வீடியோ கேம் ரூம் மேட் வாய்த்தவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 40 நிமிடம் குறைவாகப் படித்தார்கள். முதல் செமஸ்டர் ஜிபிஏ, 4க்கு, சுமார் 0.24 குறைந்தது. 40 நிமிடம் என்பது மூன்றில் இரண்டு மணி நேரம். 0.24ஐ அதனால் வகுத்தால் 0.36. அதாவது, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் படித்தால் ஜிபிஏ சுமார் 0.36 ஏறுகிறது.

அதே மாணவர்களிடம், நாங்கள் செய்த மாதிரி நேரத்தையும் ஜிபிஏவையும் நேரடியாகப் பொருத்தியபோது கிடைத்தது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.04 மட்டுமே. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வித்தியாசம். படிப்பின் உண்மையான பலன் பெரியது. நேரடி ஒட்டுறவு அதை மறைத்துவிட்டது.

இந்த முறைக்கு இன்ஸ்ட்ருமென்டல் வேரியபிள் என்று பெயர். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ரூம் மேட்டின் கேம், படிக்கும் நேரத்தின் வழியாக மட்டும்தான் மார்க்கைத் தொட வேண்டும். ராத்திரி முழுக்க சத்தம் போட்டு தூக்கத்தைக் கெடுத்து, காலையில் கிளாஸ் கட் ஆகி, அந்த வழியாக மார்க் குறைந்திருந்தால் 0.36 என்ற எண் ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் அவர்கள் தூக்கத்தையும் கிளாஸுக்குப் போவதையும் தனியாகச் சரிபார்த்தார்கள். இன்னொன்று, இது ஒரு சிறிய காலேஜின் முதலாண்டு மாணவர்களைப் பற்றியது. அந்த 0.36ஐ நம் சிஜிபிஏவில் அப்படியே ஒட்ட முடியாது.

பிளஸ் 0.96 வந்தாலும் இதே கதைதான்

இங்கே ஒரு எச்சரிக்கை. 'குழுவாகப் பிரித்தோம், பிளஸ் வந்துவிட்டது, ஆகவே படித்தால் மார்க் ஏறும் என்று நிரூபித்துவிட்டோம்' என்று முடித்தால் பின் பெஞ்ச் செய்த அதே தப்பை மறுபக்கம் செய்கிறோம்.

முதல் குழுவில் 0.96 வந்தது நான்கே பேரை வைத்து. நான்கு புள்ளிகள் தற்செயலாகவே ஒரு கோட்டில் நிற்கலாம். எட்டு பேர் இருந்தாலும், 5 சதவீத மட்டத்தில் r குறைந்தது 0.71 இருந்தால்தான் தற்செயல் இல்லை என்று பேசவே ஆரம்பிக்க முடியும். நாங்கள் கைதட்டல் வாங்கிய −0.39 அந்தப் பக்கமே போகவில்லை.

அடிப்படையை வைத்துப் பிரித்துவிட்டதால் எல்லா மறைந்த மாறிகளும் போய்விட்டன என்றும் அர்த்தமில்லை. கணக்கு பிடித்திருப்பவர் அதிக நேரமும் உட்காருவார், நன்றாகவும் புரிந்துகொள்வார். அந்த ஆர்வம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அதோடு, கோட்டை அளந்த எல்லைக்கு வெளியே இழுக்கக் கூடாது. முதல் குழுவின் கோடு: மார்க் = 67 + 4.4 × மணி நேரம். எட்டு மணி நேரம் படித்தால்? 102.2 மார்க். நூற்றுக்கு! நம்மிடம் இருந்தது 1 முதல் 4 மணி நேரம் வரைதான். அதற்கு மேல் என்ன ஆகும் என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

நீங்கள் இந்த ப்ராஜெக்ட் எடுத்தால்

எங்களுக்கு அடுத்த பேட்ச்சில் யாராவது இதே தலைப்பை எடுப்பார்கள் என்று தெரியும். மூன்று விஷயம் மட்டும் செய்யுங்கள். r போடுவதற்கு முன் சிதறல் படம் வரையுங்கள். இரண்டு மேகம் கண்ணுக்கே தெரியும். செமஸ்டர் தொடங்கும்போது அவரவர் எங்கே நின்றார் என்பதற்கு ஒரு அளவை ஃபார்மில் சேருங்கள். நேரத்தை எக்ஸாமுக்கு முன்பே, 'நேற்று மாலை 5 மணியிலிருந்து தூங்கும் வரை என்ன செய்தீர்கள்' என்கிற மாதிரி, ஒரு வாரம் கேளுங்கள். அப்போதும் காரணம் நிரூபணம் ஆகாது. ஆனால் எங்களை மாதிரி தலைகீழான ஸ்லைடு போட மாட்டீர்கள்.

எங்கள் ஸ்லைடை மாற்றி மேடத்திடம் திரும்பக் கொடுத்தோம். இப்போது அதில் இருக்கும் வரி: "இந்த வகுப்பில் அதிக நேரம் படிப்பதாகச் சொன்னவர்கள் குறைந்த மார்க் வாங்கியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குறைந்த அடிப்படையோடு தொடங்கியவர்கள். படிப்பதால் மார்க் குறைகிறது என்றோ கூடுகிறது என்றோ இந்தத் தரவு சொல்லவில்லை." கைதட்டல் எதுவும் வரவில்லை.

ரூம் மேட்டிடம் இரண்டு மேகம் உள்ள படத்தைக் காட்டினேன். கீழ் மேகத்தில் அவன் புள்ளி எங்கே என்று அவனே கண்டுபிடித்தான். "நீ உன்னை இந்த மேல் மேகத்தோட கம்பேர் பண்ற. அவனுங்க ஆரம்பிச்ச இடம் வேற. உன் கூட ஆரம்பிச்சவங்கள்ல கம்மியா உட்கார்ந்தவன் உன்னைவிடக் கீழதான் இருக்கான், பாரு" என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேடம் வைத்த அந்த 20 மார்க் டெஸ்ட் பேப்பரைத் தேடி எடுத்தான். விட்டதில் பாதி, பகுதித் தொகையிடல் கணக்குகள்.

இப்போது அதே ஐந்து மணி நேரம்தான். அதில் முதல் ஒரு மணி நேரம் ப்ளஸ் டூ புத்தகத்தின் தொகையீடு. மூன்றாவது இன்டர்னலில் அவன் மார்க் ஏறினால் சந்தோஷம்தான். ஆனால் அதையும் ப்ரூஃப் என்று ஸ்லைடு போட மாட்டேன். அங்கே n = 1.